டாக்ஸிசைக்ளின் எடுப்பவரிடம் வெயிலைப் பற்றி என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

கடைமேசை எழுதியது:

வணக்கம். நான் மருந்தாளுநர். அண்மையில் வந்த ஒரு நோயாளியை முன்வைத்து இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

இருபதுகளில் இருக்கும் ஆண். நில அளவைப் பணி செய்பவர். முகப்பருவுக்காக மருத்துவர் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலையும் இரவும் ஆறு வாரத்துக்கு எழுதியிருக்கிறார். இரவில் பூச அடாபலீன் களிம்பும் உண்டு. மருந்தை வேறொரு கடையில் வாங்கியிருக்கிறார். உறையில் 'கடும் வெயிலைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி ஒட்டப்பட்டிருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு புறங்கைகள், மூக்கு, காதின் மேல்விளிம்பு, சட்டைக் கழுத்துக்குக் கீழே திறந்திருக்கும் பகுதி ஆகிய இடங்களில் சுடுதண்ணீர் கொட்டியது போன்ற எரிச்சலும் சிவப்பும் வந்திருக்கின்றன. வலது முன்கை இடதைவிட மோசமாக இருந்தது. கைக்கடிகார வார் இருந்த இடம் மட்டும் வெட்டி எடுத்தாற்போல் தெளிவாக இருந்தது.

அவர் என்னிடம் கேட்டது அரிப்புக்கான செட்டிரிசின் மாத்திரை. மருந்தின் மீது அவருக்குச் சந்தேகமே இல்லை. "நண்பகலில் நான் வெளியே நிற்கவே இல்லை, காலை எட்டிலிருந்து பத்து வரைதான் களத்தில் இருந்தேன், மீதி நேரமெல்லாம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் உட்கார்ந்து வரைபடம் பார்த்தேன், காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனும் பூசினேன். பிறகு எப்படி வெயிலால் வரும்?" என்று கேட்டார். அவர் பார்வையில் அது நியாயமான வாதம்தான்.

முதல் கேள்வி: இதை டாக்ஸிசைக்ளினால் வந்த வெயில் எரிவு என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம்: மருந்தைக் கையில் கொடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது?

---

தோலியல் எழுதியது:

நான் தோல் மருத்துவம் பார்ப்பவன். நீங்கள் எழுதியிருக்கும் இடங்களை ஒரு மனித உருவத்தில் குறித்துப் பாருங்கள்; ஒளி விழும் இடங்களின் வரைபடம் கிடைக்கும். கடிகார வாருக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதிக்கு இன்னும் மூன்று இடங்களைப் பார்த்திருக்க வேண்டும்: தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், மேல் இமையில். ஒளியால் வந்தது என்றால் இவை பெரும்பாலும் தப்பியிருக்கும். காற்றில் பரவும் தூசியாலோ ஆவியாலோ வரும் ஒவ்வாமை இந்த மூன்று இடங்களையும் விடாது. மருந்தாளுநர் ஒருவர் மேசைக்கு இப்பால் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம்.

அடுத்து, நோயாளியின் வாதத்துக்கு வருகிறேன். அவர் தவிர்த்தது தோலைச் சிவக்கவைக்கும் வழக்கமான வெயிலை; அதில் பெரும்பங்கு யூ.வி.பி. கதிர்களுடையது. அவை நண்பகலை ஒட்டி உச்சத்தில் இருக்கும். சன்னல் கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடும். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளைத் தோலுக்குள் கிளறிவிடுபவை முக்கியமாக யூ.வி.ஏ. கதிர்கள், அதாவது ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவை. இவை காலையிலும் மாலையிலும் கணிசமாக இருக்கின்றன. மேகத்தையும் சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவுகின்றன. வண்டியின் முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டப்பட்டது, அது யூ.வி.ஏ.வைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை. வண்டிக்கு வண்டி அதன் தடுப்பு மாறும். அவர் சன்னலோரமாக வலது கையை வைத்து உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த முன்கை மட்டும் ஏன் மோசமானது என்பது அநேகமாக அங்கேயே விளங்கிவிடும்.

சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன. எஸ்.பி.எஃப். என்ற எண் தோல் சிவப்பதை வைத்து அளக்கப்படுவது. ஆகவே அது பெரும்பாலும் யூ.வி.பி. தடுப்பைத்தான் சொல்லும். குப்பியில் யூ.வி.ஏ. தடுப்பும் உண்டு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது குறை பூசும் அளவு. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மி.கி. வீதம் பூசித்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். நடைமுறையில் பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருப்பதில்லை. காலை ஏழரைக்கு மெல்லப் பூசி, வியர்வையில் அழிந்து, பத்து மணிக்கு அவர் தோலில் மிஞ்சியிருந்தது எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு: நாளொன்றுக்கு 200 மி.கி., சில நாட்களிலேயே தொடக்கம், அரிப்பைவிட எரிச்சல் மேலோங்கியது, எல்லை வெட்டினாற்போல் இருந்தது ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரிய ஐயமில்லை. செட்டிரிசின் இதற்கு உதவாது. இது ஒவ்வாமை வழியாக வருவது அன்று. மருந்தின் மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைச் சுற்றியுள்ள தோல் செல்களில் இறக்குவதால் வரும் நேரடிக் காயம் இது. முதல்முறை எடுப்பவருக்கும் வரலாம். மருந்தும் ஒளியும் போதிய அளவு சேர்ந்தாலே போதும்.

---

நிழல்தேடி எழுதியது:

இவ்வளவு சிக்கல் தேவையில்லை என்று நினைக்கிறேன். மருந்தை இரவில் மட்டும் எடுக்கச் சொன்னால் போதும். படுக்கப்போகும்போது போட்டுக்கொண்டால், விடிவதற்குள் இரத்தத்தில் அளவு இறங்கிவிடும். பகலில் வெயில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நாங்கள் படிக்கும்போது சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மேலும், மாநிறமோ கருமையோ உள்ள தோலுக்கு மெலனின் இயற்கைக் காப்பு என்பதால் அவர்களிடம் இந்த எச்சரிக்கையை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை.

---

வார்டுமருந்தாளர் எழுதியது:

நிழல்தேடி சொன்னதில் ஒரு பகுதி சரி. அரைவாழ்வு நான்கைந்து மணி நேரமே உள்ள மருந்தை மாலையில் கொடுத்தால், மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். அங்கே அந்த உத்தி பொருள் உள்ளது. டாக்ஸிசைக்ளினின் அரைவாழ்வு 18 முதல் 22 மணி நேரம். இரவு பத்து மணிக்கு எடுத்த மாத்திரையில் பாதிக்கும் மேல் மறுநாள் நண்பகலிலும் உடலில் இருக்கும். அதற்கு முன்தினம் எடுத்ததன் மிச்சமும் அதோடு சேரும். உச்ச அளவு பகலில் வராது என்ற சிறு நன்மை கிடைக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "இரவில் எடுப்பதால் பகலில் பயமில்லை" என்று நோயாளி நம்பிவிட்டால், உதவியைவிடத் தீங்குதான் அதிகம்.

"படுக்கப்போகும்போது" என்று சொல்வதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணை உண்டாக்கும். ஒரு முழுக் கோப்பைத் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரைமணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு மிடறு நீரோடு விழுங்கிப் படுத்தவர்கள் மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

---

தோலியல் எழுதியது:

தோல் நிறத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மெலனின் காப்பு தருகிறது என்பது உண்மை. ஆயினும் மருந்தோடு சேர்ந்த யூ.வி.ஏ.வுக்கு அது முழுக்காப்பு ஆகாது. கருந்தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதால்தான் எதிர்வினையே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். நோயாளி சொல்வது வேறாக இருக்கும்: வெயிலில் நின்ற சிறிது நேரத்திலேயே சுருக்கென்று குத்தியது, ஆடை பட்டாலே எரிந்தது, சில நாட்களில் அந்த இடம் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பு மறைய மாதங்கள் ஆகலாம். பலருக்கு எரிச்சலைவிட அதுதான் பெரிய மனவருத்தம். எனவே "சிவந்ததா?" என்று கேட்காமல், "எரிந்ததா, குத்தியதா?" என்று கேட்க வேண்டும்.

---

கல்தச்சன் எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். தேடியபோது இந்த விவாதம் கண்ணில் பட்டது. என் தந்தைக்கு இதயத்துடிப்புக் கோளாற்றுக்காக அமியோடரோன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தைராய்டு பாதிக்கப்பட்டதால் இரண்டு மாதங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இப்போதும் வெயிலில் இறங்கினால் சில நிமிடங்களில் முகம் எரிகிறது என்கிறார். அமியோடரோன் நின்றுவிட்டதால், புதிதாகச் சேர்த்த இரத்த அழுத்த மாத்திரைதான் காரணம் என்று நாங்கள் அதை நிறுத்தலாமா என யோசிக்கிறோம். டாக்ஸிசைக்ளின் அவர் எடுக்கவில்லை. நீங்கள் சொல்லும் அந்த நான்கு நாள் கணக்கு அவருக்குப் பொருந்துமா?

---

வார்டுமருந்தாளர் எழுதியது:

ஐயா, நான்கு நாள் கணக்கு எதுவும் இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டது பயனுள்ள கேள்வி. டாக்ஸிசைக்ளினை நிறுத்தினால் ஏறத்தாழ நான்கைந்து நாட்களில் அது உடலைவிட்டுப் போய்விடும். அமியோடரோன் கொழுப்பிலும் தோலிலும் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும் மருந்து. அதன் அரைவாழ்வு ஆளுக்கு ஆள் மாறி, சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்கும் மேலாக நீளும். நிறுத்தி இரண்டு மாதம் ஆனபின்பும் எரிச்சல் இருப்பது அந்த மருந்தின் இயல்புக்கு முற்றிலும் பொருந்துகிறது. சில நிமிடங்களிலேயே தொடங்கும் எரிச்சலும் அதன் அடையாளந்தான்.

இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதன் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அதில் இருந்தால் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் முடிவு அவருடையது. அதுவரை உங்கள் தந்தைக்கு அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் ஆகியவை தேவை. அமியோடரோனுக்குக் கண்ணாடி வழியே வரும் ஒளியும் போதும். பகலில் அவர் சன்னலோர நாற்காலியில் உட்கார்பவர் என்றால் இடத்தை மாற்றுங்கள். முகத்தில் நீலஞ்சாம்பல் நிறம் படர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

---

செவிலி_மாலைநேரம் எழுதியது:

ஹைட்ரோகுளோரோதயசைடு பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். நீண்டகாலம் எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்புக் கூடுகிறது என்று 2018இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் எச்சரித்தார்கள். 2020இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலும் சேர்த்தார்கள். இதை நோயாளியிடம் சொன்னால் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதம் வந்து திரும்புகிறார்கள். சொல்லாமல் விட்டால் மறைத்ததாக ஆகிறது. 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டபின் நாம் சொல்லும் வேறெதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை.

---

வார்டுமருந்தாளர் எழுதியது:

எண்களோடு சொன்னால் அச்சம் குறைகிறது என்பது என் அனுபவம். அமெரிக்கக் குறிப்பின்படி, ஓராண்டுக்கு ஏறத்தாழ 16,000 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது. மொத்தம் 50,000 மி.கி.க்கு மேல் எடுத்த வெள்ளையின நோயாளிகளில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 6,700 பேரில் ஒருவர் என்கிறார்கள். நாளொன்றுக்கு 25 மி.கி. எடுப்பவர் அந்த 50,000ஐ எட்ட 2,000 நாட்கள், அதாவது ஐந்தரை ஆண்டுகள் ஆகும். பேசப்படுவது பெரும்பாலும் மெலனோமா அல்லாத, முன்கூட்டியே கண்டால் அகற்றிவிடக்கூடிய வகை. "மாத்திரையைத் தொடருங்கள், வெயிலுக்கு மறைத்துக்கொள்ளுங்கள், ஆறாத புண்ணோ புதிய தடிப்போ தெரிந்தால் காட்டுங்கள்" என்ற மூன்றும் சொன்னால் போதும். எல்லா நோயாளியிடமும் சொல்லத்தான் வேண்டும்.

---

தோலியல் எழுதியது:

இதில் நான் உடன்படவில்லை. அந்த எண்களுக்கு அடிப்படையான தரவு பெரிதும் வெளிர்நிறத் தோலினரிடமிருந்து வந்தது. கருந்தோல் உள்ள எழுபது வயது நோயாளியிடம் அதே எண்ணை அதே தொனியில் சொல்வது துல்லியமும் ஆகாது, உதவியும் ஆகாது. வெளிர்நிறத் தோலினர், முன்பே தோல் புற்றுநோய் வந்தவர்கள், உறுப்பு மாற்று செய்து நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம் விரிவாகப் பேசி, மாற்று மருந்தையும் யோசிப்பேன். மற்றவர்களிடம் வெயில் காப்பையும் ஆறாத புண்ணையும் பற்றி மட்டும் பேசுவேன்.

---

செவிலி_மாலைநேரம் எழுதியது:

இருவரும் சொல்வது புரிகிறது. ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதே செய்தியை அன்று மாலையே கைப்பேசியில் படித்துவிட்டு, "நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார். அதற்கான பதில் இன்னும் கிடைக்கவில்லை. சரி, கடைமேசை அவர்களின் கேள்விக்கே திரும்புவோம்.

---

தசைநார் எழுதியது:

திரும்புவதற்கு முன் ஒன்று. நான் இயன்முறை மருத்துவர். எங்கள் பக்கம் இந்தத் தொல்லை மாத்திரையால் வருவதைவிட வலிக்குப் பூசும் கீட்டோபுரோஃபென் ஜெல்லால் வருவதே அதிகம். முழங்காலில் பூசிய ஒருவருக்குச் சில நாட்கள் கழித்துக் கடும் அரிப்போடு நீர்க்கொப்புளங்கள் வந்தன. பூசிய எல்லையைத் தாண்டித் தொடைவரை பரவியது. மேலே சொன்ன 'வெட்டினாற்போல் எல்லை' இதில் இல்லை. அப்படியானால் இது வெயிலால் வந்தது ஆகாதா?

---

தோலியல் எழுதியது:

இதுவும் வெயிலால் வருவதுதான். வரும் வழி வேறு. கீட்டோபுரோஃபென் தோலில் ஒளியோடு சேர்ந்து மாறி, அதை உடலின் எதிர்ப்பு மண்டலம் பகையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் எரிச்சலைவிட அரிப்பு மேலோங்கும், ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும், ஒளி படாத இடத்துக்கும் பரவும், சிறிதளவே போதும். பூசும் காலத்திலும் நிறுத்திய பின் இரண்டு வாரம் வரையிலும் அந்த இடத்தை மேகமூட்டமான நாளில்கூடத் துணியால் மூடிவைக்க வேண்டும். பூசிய கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

இதில் பலரும் அறியாத பொறி ஒன்று உண்டு. கீட்டோபுரோஃபெனுக்கு இப்படி எதிர்வினை வந்தவர்களில் பலர் ஆக்டோக்ரைலீன் என்ற சன்ஸ்கிரீன் சேர்மத்துக்கும் எதிர்வினை காட்டுகிறார்கள். நாம் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் குப்பியே நோயைத் தொடரச் செய்யும். "சன்ஸ்கிரீன் பூசப் பூசக் கூடுகிறது" என்று ஒருவர் சொன்னால் அதைப் புறந்தள்ளாமல், குப்பியின் பின்புறத்தைப் படியுங்கள். அவர்களுக்குத் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு மட்டும் உள்ள வகையே ஏற்றது.

---

கடைமேசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் சன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். வலது முன்கையைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்திருந்ததாக அவரே சொன்னார். தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் தோல் இயல்பாக இருந்தது. கொப்புளமோ காய்ச்சலோ இல்லை. அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் டாக்ஸிசைக்ளினை நிறுத்தி, தோல் ஆறும்வரை அடாபலீனையும் நிறுத்திவைத்து, குளிர்நீர் ஒற்றடமும் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு களிம்பும் சொன்னார். மருந்து உடலைவிட்டு வெளியேறும்வரை ஒளிக்காப்பைக் கைவிட வேண்டாம் என்பதை நான் தனியாக அழுத்திச் சொன்னேன். மாத்திரையை நிறுத்திய அன்றே ஆபத்து முடிந்துவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். ஒரு வாரத்தில் தோல் உரிந்து ஆறிவிட்டது. புறங்கையில் கறுப்பு இன்னும் இருக்கிறது.

இந்த விவாதத்தைப் படித்தபின், டாக்ஸிசைக்ளின் கொடுக்கும்போது பேசும் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் அறிவுரை கூறாமல் கேள்வி கேட்கிறேன்: "உங்கள் உடலில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வெயில் படும்?" வண்டி ஓட்டுபவர் ஒரு பதிலும் கட்டடத்தில் வேலை செய்பவர் வேறொரு பதிலும் சொல்கிறார்கள். பிறகு அவர் சொன்ன அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: "இந்த மாத்திரை உடலில் இருக்கும்வரை உங்கள் தோல் வழக்கத்தைவிட விரைவில் எரியும். காலை வெயிலும் கண்ணாடி வழியே வரும் வெயிலும் கணக்கில் சேரும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும்தான் முதல் காப்பு. துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வெயிலில் குத்தலோ எரிச்சலோ தொடங்கினால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள், அன்றே எங்களை அழையுங்கள். கொப்புளம் வந்தால் நேராக மருத்துவரிடம் போங்கள்." முகத்துக்கும் கழுத்துக்கும் எவ்வளவு பூசுவது என்பதை, இரண்டு விரல்களின் முழு நீளத்துக்குக் குப்பியிலிருந்து பிதுக்கிக் காட்டுகிறேன். கடைசியாக, "நாளைக்கு வேலைக்குப் போகும்போது என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கிறேன். "சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்வேன்" என்று மட்டும் பதில் வந்தால், சட்டையையும் வண்டிக் கண்ணாடியையும் பற்றி மறுபடி பேசுகிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மருந்தை நிறுத்தி இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனபின் அவர் மறுபடி வந்தார். இரு கைகளிலும் பல விரல்களின் நகங்களுக்கு அடியில் வலி. நுனிப்பக்கம் நகம் சதையிலிருந்து பிரிந்து, வெளிறிய அரைவட்டமாகத் தெரிகிறது. கட்டைவிரல் இரண்டும் தப்பியிருக்கின்றன. காளான் தொற்று என்று நண்பர் சொன்னாராம். அதற்கான பூச்சுமருந்து கேட்டார்.

---

தோலியல் எழுதியது:

கொடுக்க வேண்டாம். இதுவும் அதே மருந்தும் அதே ஒளியும் செய்த வேலைதான். நகத்தட்டு வழியே யூ.வி.ஏ. இறங்கி, அடியிலுள்ள படுகையைக் காயப்படுத்துகிறது. அங்கே காப்பளிக்கும் மெலனின் குறைவு. தோல் எரிந்து ஆறியபின் வாரங்கள் கழித்து வருவதால் யாரும் மாத்திரையோடு இதைத் தொடர்புபடுத்துவதில்லை. தோலில் ஒன்றும் வராமல் நகத்தில் மட்டும் வருவதும் உண்டு. காளான் தொற்று மெதுவாக, பெரும்பாலும் கால்விரலில், ஒன்றிரண்டு நகங்களில், வலியின்றித் தொடங்கும். ஒரே சமயத்தில் இரு கைகளிலும் பல நகங்கள் வலியோடு பிரிவதும், வேலை செய்யும்போது மடங்கி மறைந்திருக்கும் கட்டைவிரல் தப்புவதும் ஒளியின் அடையாளம். காலணிக்குள் இருக்கும் கால்நகங்களையும் பாருங்கள்; இயல்பாகவே இருக்கும்.

பிரிந்த பகுதியைக் குட்டையாக வெட்டிவிட்டு, ஈரத்தில் நெடுநேரம் ஊறாமல் பார்த்துக்கொண்டால் போதும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்வதால் முழுமையாகச் சரியாகச் சில மாதங்கள் ஆகும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமே காளான் மருந்தை வேறு எங்காவது வாங்கிவிடுவார். அடியில் சீழோ பச்சை நிறமோ தெரிந்தால் அனுப்பிவையுங்கள்.

---

நிழல்தேடி எழுதியது:

இரவுநேர யோசனையைத் திரும்பப் பெறாவிட்டாலும், 'பயமில்லை' என்று சொல்லக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஒரு கேள்வி: நகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசுவதால் பயன் உண்டா? பிறகு, அவருக்குப் பரு மறுபடி வந்தால் டாக்ஸிசைக்ளினையே குறைந்த அளவில் தொடங்கலாமா, அல்லது மினோசைக்ளினுக்கு மாற்ற வேண்டுமா?

---

தோலியல் எழுதியது:

நகத்துக்குச் சன்ஸ்கிரீன் நிற்காது. களப்பணியில் இருப்பவருக்குக் கையுறைதான் நடைமுறைக்கு ஏற்றது, ஒளி ஊடுருவாத நகப்பூச்சும் உதவும். மருந்தைப் பொறுத்தவரை, இந்த எதிர்வினை அளவைச் சார்ந்தது. முகப்பருவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. என்பதே ஏற்கப்பட்ட அளவு. எனவே 200லிருந்து 100க்கு இறக்குவது இரவுக்கு மாற்றுவதைவிட வலுவான நடவடிக்கை. ஆனால் ஒருமுறை நகம்வரை போனவருக்கு, அதுவும் வெயிலில் நிற்பதே தொழிலான ஒருவருக்கு, நான் அதே மருந்துக்குத் திரும்ப மாட்டேன்.

---

வார்டுமருந்தாளர் எழுதியது:

நான் திரும்புவேன். 100 மி.கி., கையுறை, முழுக்கைச் சட்டை, வண்டியில் மறுபக்க இருக்கை, இவற்றோடு வெயில் குறைந்த பருவத்தில் தொடங்கலாம். மினோசைக்ளினில் ஒளி எரிவு குறைவு என்பது உண்மை. ஆனால் அது தோலில் நீடித்த கருநீல நிறத்தையும், அரிதாக லூபஸ் போன்ற நோயையும் கல்லீரல் அழற்சியையும் தரக்கூடியது. எரிவைத் தவிர்க்க அதை வாங்கித் தருவதற்கு எனக்கு மனமில்லை.

---

கடைமேசை எழுதியது:

அவருடைய மருத்துவர் இப்போதைக்கு மாத்திரை எதுவும் வேண்டாம், தோல் முழுதும் ஆறியபின் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் மட்டும் போதுமா என்று பார்ப்போம் என்கிறார். உங்கள் இருவரின் கருத்தையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன். நோயாளியின் மருந்துப் பதிவில் 'டாக்ஸிசைக்ளின் 200 மி.கி.: ஒளி எரிவு, நகப் பிரிவு, ஒவ்வாமை அன்று' என்று எழுதிவைத்தேன். 'ஒவ்வாமை' என்று மட்டும் பதிந்துவிட்டால், நாளை மலேரியாத் தடுப்புக்கோ கடுமையான தொற்றுக்கோ இந்த மருந்து உண்மையாகவே தேவைப்படும் நாளில் யாரும் அவருக்குக் கொடுக்கத் துணிய மாட்டார்கள்.